தேடியபோது கிடைக்காத தங்கை

சிங்கப்பூரில் ஒரு தளவாட நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் நான் வேலை செய்கிறேன். வேலைப்பயிற்சிக்கு மாணவர்களைத் தேடித் தருவதும் என் பொறுப்புகளில் ஒன்று. 2025 செப்டம்பரில் எங்கள் கிடங்குப் பிரிவுக்கு இரண்டு மாணவர்கள் தேவைப்பட்டனர். விநியோகத் தொடர் படிப்பவராகவும் எக்செல் தெரிந்தவராகவும் மார்ச் மாதம் சேரக்கூடியவராகவும் இருக்க வேண்டும் என்று பிரிவின் மேலாளர் கேட்டிருந்தார். லிங்க்ட்இன் தளத்தில் தேடி, வந்த பட்டியலிலிருந்து ஆறு பேருக்குச் செய்தி அனுப்பினேன். இரண்டு வாரத்தில் இரண்டு இடங்களும் நிரம்பிவிட்டன.

அடுத்த மாதம் தீபாவளி விருந்துக்காக ஈசூனில் உள்ள சித்தி வீட்டுக்குப் போனேன். சித்தி மகள் பலதுறைத் தொழிற்கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். “மார்ச்ல இன்டர்ன்ஷிப் போகணும்க்கா. கிடங்கு வேலைதான் தேடுறேன். இதுவரைக்கும் ஒருத்தரும் கூப்பிடல” என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. மேலாளர் கேட்ட மூன்றும் அவளிடம் இருந்தன. லிங்க்ட்இன்னில் அவளுக்கு ஒரு வருடமாகக் கணக்கும் இருந்தது. அப்படியிருந்தும் என் தேடலில் அவள் வரவில்லை. வந்திருந்தாலும், உறவினர் என்பதால் அவளுடைய விண்ணப்பத்தை வேறு ஒருவரிடம் கொடுத்துவிட்டு நான் விலகியிருப்பேன். அது வேறு விஷயம். பட்டியலிலேயே அவள் ஏன் இல்லை என்பதுதான் என்னை உறுத்தியது.

அவளுக்கு நேரமும் அதிகம் இல்லை. சொந்தமாக இடம் தேடிக்கொள்பவர்கள் டிசம்பர் நடுப்பகுதிக்குள் நிறுவனத்தின் பெயரைக் கொடுத்துவிட வேண்டும் என்று அவளுடைய கல்லூரி சொல்லியிருந்தது. தவறினால் கல்லூரி ஒதுக்கும் இடத்துக்குப் போக வேண்டும். கையில் எட்டு வாரங்கள் இருந்தன. இலையை எடுத்தபின் மடிக்கணினியைத் திறந்து இருவரும் உட்கார்ந்தோம்.

நாங்கள் எப்படித் தேடுகிறோம்?

நிறுவனங்கள் மாணவர்களின் சுயவிவரங்களை ஒவ்வொன்றாகப் படித்துப் பார்க்கும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் நாங்கள் முதலில் செய்வது, தேடல் பெட்டியில் சில சொற்களைத் தட்டுவதுதான். செப்டம்பரில் நான் தட்டியது இதுதான்:

```
"supply chain" AND Excel AND intern
```

பிறகு இடத்துக்குச் சிங்கப்பூர் என்று குறித்தேன். அவ்வளவுதான். இந்தச் சொற்கள் யாருடைய சுயவிவரத்தில் இருக்கின்றனவோ அவர்கள் பட்டியலில் வருவார்கள். அந்தப் பட்டியலிலும் முழு விவரம் தெரியாது. ஒருவருக்கு ஒரு சிறு பகுதிதான்: படம், பெயர், பெயருக்குக் கீழே ஒரு தலைப்பு வரி, இடம். அதைச் சில விநாடிகள் பார்த்துவிட்டு, திறப்பதா தாண்டுவதா என்று முடிவு செய்துவிடுவேன்.

தங்கையின் தலைப்பு வரியில் “Student at” என்ற சொற்களும் கல்லூரியின் பெயரும் மட்டும் இருந்தன. அதை அவள் எழுதவில்லை. கணக்கு தொடங்கும்போது படிக்கும் இடத்தைக் கொடுத்தால் தளமே போட்டுத்தரும் வரி அது. கல்விப் பகுதியில் பட்டயப் படிப்பு என்று இருந்தது, எந்தத் துறை என்ற இடம் காலி. திறன்கள் பகுதியில் ஒன்றும் இல்லை. விநியோகத் தொடர் என்ற சொல்லோ எக்செல் என்ற சொல்லோ அவளுடைய பக்கத்தில் எங்குமே இல்லை. பிறகு என் தேடலில் எப்படி வருவாள்?

பெயரிலும் ஒரு சிக்கல் இருந்தது. செல்லப் பெயரும் பக்கத்தில் ஒரு பூப்படமும் வைத்திருந்தாள். அவளுடைய விரிவுரையாளர் அவளை யாருக்காவது பரிந்துரைத்தாலும், கல்லூரிப் பதிவேட்டில் உள்ள பெயரைத் தட்டித் தேடுபவருக்கு அவள் கிடைக்கமாட்டாள். அதை முதலில் மாற்றினோம். சன்னல் பக்கம் நிற்கவைத்து, வெற்றுச் சுவர் பின்னால் தெரிய, தோளுக்கு மேல் ஒரு படம் எடுத்தேன். தீபாவளிச் சேலையில்தான் இருந்தாள். முகம் தெளிவாகத் தெரிந்ததால் அந்தப் படமே போதுமானதாக இருந்தது.

விளம்பரம் சொல்லித்தரும் சொற்கள்

தலைப்பு வரியில் என்ன எழுதுவது என்று யோசிப்பதற்கு முன், கிடங்கு வேலைப்பயிற்சி விளம்பரங்கள் பத்தைத் திறந்து படிக்கச் சொன்னேன். ஒவ்வொன்றிலும் கேட்கப்படும் திறன்களை ஒரு தாளில் கோடு போட்டு எண்ணினாள். ஒன்பது விளம்பரங்களில் எக்செல் இருந்தது. ஏழில் இன்வென்டரி என்ற சொல் இருந்தது. நான்கில் பவர் பிஐ, நான்கில் எஸ்ஏபி.

அப்போதுதான் அவளே ஒன்றைக் கண்டுபிடித்தாள். “நான் செய்யுறதும் இன்வென்டரிதானேக்கா? நான் இத்தனை நாளும் ஸ்டாக் செக்கிங்னுதானே சொல்லிட்டிருக்கேன்!”

மற்றவர்களின் தேடல்களிலும் அவள் வராததற்கு ஒரு காரணம் இதுதான். வேலை ஒன்றுதான். அவள் வைத்திருந்த பெயரும் நிறுவனங்கள் வைத்திருக்கும் பெயரும் வேறு வேறு. தேடுபவர் தன் துறையின் சொல்லைத்தான் தட்டுவார். மாணவர் தனக்குப் பழகிய சொல்லை எழுதிவைத்திருந்தால் இரண்டும் சந்திக்கவே சந்திக்காது. எந்தத் துறையாக இருந்தாலும் அந்தச் சொற்களை விளம்பரங்களே காட்டிக்கொடுத்துவிடும். அரை மணி நேரம் எண்ணினால் போதும்.

எண்ணிக்கையில் வந்த எல்லாவற்றையும் அள்ளிப் போட்டுக்கொள்ளவும் கூடாது. எஸ்ஏபி மென்பொருளை அவள் ஒரே ஒரு வகுப்பில், விரிவுரையாளரின் திரையில் பார்த்திருக்கிறாள். “இதுல ஒரு கொள்முதல் ஆணையை எப்படிப் போடுவேனு நேர்காணல்ல கேட்டா என்ன சொல்லுவே?” என்றேன். சிரித்துவிட்டு அதை அடித்தாள். பவர் பிஐ அப்படியல்ல. ஒரு பாடத்துக்காக ஒரு கிடங்கின் ஆறு மாத வரவு செலவை அதில் வரைபடமாக்கி மதிப்பெண் வாங்கியிருந்தாள். அதைச் சேர்த்தோம். எந்தத் திறனையும் எழுதுமுன், அதை எங்கே எதற்குப் பயன்படுத்தினேன் என்று ஒரு வாக்கியம் சொல்ல முடிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் அது உங்கள் திறன் இல்லை.

தலைப்பு வரியில் 220 எழுத்துகள் வரை எழுதலாம். ஆனால் தேடல் பட்டியலைக் கைப்பேசியில் பார்ப்பவருக்கு அதன் முன்பகுதி மட்டுமே தெரியும். அதனால் துறை முதலில், திறன் அடுத்து, தேவை கடைசியில் என்று வைத்தோம். நாலைந்து முறை மாற்றி எழுதியபின் வந்த வரி இது:

```
Supply Chain Diploma Student | Inventory, Excel, Power BI |
Seeking Internship Mar-Aug 2026
```

கடைசியில் உள்ள மாதங்களை வெறும் அலங்காரம் என்று நினைக்க வேண்டாம். மார்ச்சில் ஆள் வேண்டும் என்று தேடும் எனக்கு, ஒருவர் எப்போது சேரமுடியும் என்று தெரியாவிட்டால் செய்தி அனுப்பிக் கேட்க வேண்டும். பட்டியலில் முப்பது பேர் இருக்கும்போது, மாதத்தைத் தானே சொல்லியிருப்பவரைத்தான் முதலில் திறப்பேன்.

மாமா கடையின் ஞாயிற்றுக்கிழமைகள்

அடுத்தது அனுபவப் பகுதி. அது காலியாக இருந்தது. “நான் எங்கேயும் வேலை பாக்கலையே” என்றாள் தங்கை.

அவள் பார்க்காமல் இல்லை. லிட்டில் இந்தியாவில் எங்கள் மாமாவுக்கு ஒரு மளிகைக் கடை இருக்கிறது. உயர்நிலை நான்கு முடித்த நாளிலிருந்து ஞாயிறுதோறும் அங்கே போய்ச் சரக்குக் கணக்கு எடுப்பது அவள் வேலை. மாமா கைச்செலவுக்குப் பணமும் கொடுக்கிறார். குடும்பக் கடை என்பதால் அதை ஒரு வேலையாகவே அவள் நினைக்கவில்லை.

என்னென்ன செய்வாய் என்று கேட்டேன். ஏறக்குறைய 340 வகைப் பொருள்களை எண்ண வேண்டுமாம். முன்பு மாமா ஒரு நீளமான நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். இவள் அதை எக்செல் அட்டவணையாக மாற்றியிருக்கிறாள். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு குறைந்தபட்ச அளவு. இருப்பு அதற்குக் கீழே போனால் அந்தக் கட்டம் சிவப்பாக மாறும். திங்கட்கிழமை சரக்கு வாங்கப் போகும் மாமா, சிவப்பை மட்டும் பார்த்து வாங்கிவருகிறார். கிடங்குத் துறையில் இதற்கு மறுகொள்முதல் நிலை என்று பெயர். அவளுடைய பாடப்புத்தகத்தில் ஓர் அத்தியாயமே அதைப் பற்றியது.

உற்சாகத்தில் அவள் முதலில் எழுதியது, “கடையின் செயல்திறனை 50 விழுக்காடு உயர்த்தினேன்” என்ற பொருளில் ஓர் ஆங்கில வாக்கியம். “ஐம்பதுனு எப்படி அளந்தே?” என்று கேட்டேன். பதில் இல்லை. மாமாவைத் தொலைபேசியில் அழைத்தோம். “முன்னாடியெல்லாம் காலைல 9 மணிக்கு எண்ண ஆரம்பிச்சா 12 ஆயிடும். இப்பப் பத்தரைக்கெல்லாம் புள்ள முடிச்சுடுது” என்றார் அவர். எழுதவேண்டிய கணக்கு அதுதான்.

பதவியின் பெயரிலும் கொஞ்சம் இழுபறி. மேலாளர் என்று போட்டால் நன்றாக இருக்குமே என்றாள். ஒரு நிறுவனம் மாமாவை அழைத்து விசாரித்தால் அவர் என்ன சொல்வாரோ அதைத்தான் போட வேண்டும் என்றேன். முடிவில் அந்தப் பகுதி இப்படி அமைந்தது:

```
Stock Assistant (part-time), family provision shop
- Count inventory of about 340 items every Sunday
- Built an Excel sheet that flags items below reorder level
- Weekly count now takes 90 minutes, down from 3 hours
```

ஒரு மாணவரின் பக்கத்தில் நான் தேடுவது இப்படிப்பட்ட மூன்று வரிகளைத்தான். என்ன செய்தார், எதைக் கொண்டு செய்தார், அதனால் என்ன மாறியது. கடின உழைப்பாளி, குழுவாகச் செயல்படுபவர் போன்ற சொற்கள் எல்லாருடைய பக்கத்திலும் இருப்பதால் என் கண் அவற்றில் நிற்பதில்லை. உங்கள் அனுபவம் துணைப்பாட நடவடிக்கையில் பொருளாளராக இருந்ததாகவோ, வார இறுதியில் உணவங்காடியில் காசாளராக நின்றதாகவோ இருக்கலாம். அதையும் இந்த மூன்று கேள்விகளைக் கேட்டு எழுதலாம்.

வேலை தேடுகிறேன் என்று யாருக்குச் சொல்வது?

பயிற்சி தேடுவதாக அறிவிக்க லிங்க்ட்இன்னில் “Open to work” என்ற வசதி உள்ளது. உங்கள் பக்கத்தில் பெயருக்குக் கீழே இருக்கும் “Open to” பொத்தானை அழுத்தினால் அது வரும். ஐந்து வேலைப் பெயர்கள் வரை கொடுக்கலாம். வேலை வகை என்ற இடத்தில் “Internship” என்பதைக் குறிக்க மறக்காதீர்கள். தங்கை அதைக் கவனிக்காமல் முழுநேர வேலை என்று குறித்து வைத்திருந்தாள். பயிற்சி மாணவர்களை மட்டும் வடிகட்டித் தேடுபவருக்கு அப்படிப்பட்டவர் தெரியமாட்டார்.

இதை யார் பார்க்கலாம் என்பதற்கு இரண்டு தேர்வுகள் உண்டு. “Recruiters only” என்றால், ஆள்சேர்ப்பவர்களுக்கென்று லிங்க்ட்இன் விற்கும் கட்டணச் சேவையை வைத்திருப்பவர்களுக்கு மட்டும் தெரியும். “All LinkedIn members” என்றால் எல்லாருக்கும் தெரியும், படத்தைச் சுற்றிப் பச்சை வளையமும் வரும். சிறிய நிறுவனங்கள் பல அந்தக் கட்டணச் சேவையை வாங்குவதில்லை. முதலாளியே தன் இலவசக் கணக்கில் தேடுவார். வேலையில் இருப்பவருக்குப் பச்சை வளையம் தர்மசங்கடமாகலாம். மாணவருக்கு மறைக்க ஒன்றும் இல்லை. அதனால் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தோம்.

இலவசக் கணக்கில் தேடுபவருக்கு இன்னொரு தடையும் உண்டு. அவருடைய தொடர்பு வட்டத்துக்கு மிக வெளியே இருப்பவர்கள் பெயரில்லாமல் “LinkedIn Member” என்று மட்டுமே தெரியலாம். தங்கைக்கு அப்போது 11 தொடர்புகள். எல்லாரும் வகுப்புத் தோழர்கள். தன் விரிவுரையாளர்களையும், அதே படிப்பை முடித்து வேலைக்குப் போன சீனியர்களையும் அவள் தேடினாள். ஒவ்வொருவருக்கும் அழைப்பு அனுப்பினாள். இலவசக் கணக்கில் குறிப்போடு அனுப்பும் அழைப்புகளுக்கு மாத வரம்பு இருப்பதால் சீனியர்களுக்கு மட்டும், தான் யார், ஏன் தொடர்புகொள்கிறேன் என்று இரண்டு வரிக் குறிப்பு வைத்தாள். மூன்று வாரத்தில் தொடர்புகள் 60 ஆயின. ஒரு சீனியர் வழியாக அவருடைய நிறுவனத்தில் உள்ள பலரின் வட்டத்துக்குள் அவள் வந்துவிட்டாள்.

எங்கே இடிக்கிறது என்று எப்படித் தெரியும்?

மாற்றியதோடு விட்டுவிட்டால் பலன் தெரியாது. உங்கள் பக்கத்தில் “Analytics” என்ற பகுதி உங்களுக்கு மட்டும் தெரியும். எத்தனை தேடல்களில் நீங்கள் வந்தீர்கள், எத்தனை பேர் பக்கத்தைத் திறந்தார்கள் என்ற இரண்டு எண்களை அதில் பாருங்கள். தேடல்களிலேயே வரவில்லை என்றால் சொற்களில் குறை. தேடல்களில் வந்தும் யாரும் திறக்கவில்லை என்றால் படத்திலோ தலைப்பு வரியிலோ குறை. திறந்து பார்த்தும் செய்தி வரவில்லை என்றால் அனுபவப் பகுதியைத் திருத்துங்கள்.

தீபாவளிக்கு முந்திய வாரம் தங்கை இரண்டு தேடல்களில் வந்திருந்தாள். ஒரு மாதம் கழித்து வாரத்துக்கு 19. அந்த வாரம் ஏழு பேர் பக்கத்தைத் திறந்தனர். இரண்டு செய்திகள் வந்தன.

முதல் செய்தியைப் பார்த்துத் துள்ளினாள். வீட்டிலிருந்தே வேலை, நேர்காணல் இல்லை, டெலிகிராமுக்கு வரவும், பதிவுக்கு 50 வெள்ளி முன்பணம். எனக்கு அனுப்பிக் கேட்டாள். பயிற்சி தரும் நிறுவனம் மாணவரிடம் பணம் கேட்காது. எல்லாருக்கும் தெரியும்படி பக்கத்தைத் திறந்துவைத்தால் மோசடிக்காரர்களும் வரத்தான் செய்வார்கள். அடையாள அட்டை எண்ணும் வீட்டு முகவரியும் பக்கத்தில் இருக்கவே கூடாது. சந்தேகம் வந்தால் ஸ்கேம்ஷீல்டு உதவி எண் 1799ஐ அழைத்துக் கேட்கலாம்.

இரண்டாவது செய்தி, மருத்துவப் பொருள்களை விநியோகிக்கும் ஒரு சிறிய நிறுவனத்திலிருந்து வந்தது. ஒப்புக்கொள்ளுமுன், வேலையின் விவரங்களைக் கல்லூரியின் பயிற்சி ஒருங்கிணைப்பாளரிடம் காட்டச் சொன்னேன். சொந்தமாகத் தேடிய இடத்தைக் கல்லூரி ஏற்றுக்கொண்டால்தான் அது பாடத்திட்டப் பயிற்சியாகக் கணக்கில் வரும். ஒப்புதல் வர ஒரு வாரம் ஆனது.

எல்லா நிறுவனங்களும் இப்படித் தேடுவதில்லை. பல நிறுவனங்கள் கல்லூரி வழியாகவே மாணவர்களை எடுக்கின்றன. அதனால் தங்கை அந்த எட்டு வாரங்களிலும் நேரடியாக விண்ணப்பிப்பதையும் நிறுத்தவில்லை. விண்ணப்பத்தைப் படித்தவரும் அவளுடைய பெயரைத் தட்டி அதே பக்கத்துக்குத்தான் வந்தார்.

லிங்க்ட்இன்னில் சேர 16 வயது ஆகியிருக்க வேண்டும். அதைவிட இளையவர்கள் செய்ததையும் அளந்ததையும் தேதியோடு ஒரு நோட்டில் எழுதிவைக்கலாம். இரண்டு ஆண்டு கழித்து ஞாபகத்திலிருந்து எழுதும்போதுதான் ஐம்பது விழுக்காடெல்லாம் வருகிறது.

நேர்காணல் இருபது நிமிடம் நடந்ததாம். பாதி நேரம் மாமா கடையைப் பற்றித்தான் கேட்டார்களாம். மருந்துக்குக் காலாவதித் தேதி உண்டே, உன் அட்டவணையில் அதை எப்படிச் சேர்ப்பாய் என்று கேட்டிருக்கிறார்கள். இன்னொரு பத்தி போட்டு, தேதி நெருங்கினால் மஞ்சளாக மாறும்படி செய்வேன் என்றாளாம். டிசம்பர் 9ஆம் தேதி இடம் உறுதியானது.

மார்ச்சில் சேர்ந்தாள். ஞாயிற்றுக்கிழமைக் கணக்கையும் அவள் விடவில்லை. மாமாவின் அட்டவணையில் இப்போது மஞ்சள் கட்டங்களும் இருக்கின்றன.